பால் கொடுத்தால் கரு தங்காதா? எதுவரை தங்காது, அப்புறம் என்ன?

மண்டபத்திலிருந்து ராமேசுவரம் வரை பிள்ளை பெற்ற எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "பால் கொடுக்கிறவளுக்கு எங்கே உண்டாகப் போவுது?" சொல்லுகிற கிழவிக்கு அது அனுபவம். அவர் ஆறு பிள்ளை பெற்றவர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு, இரண்டரை வருட இடைவெளி இருந்திருக்கும். அதே தெருவில், தவழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலு மாதம் ஆன பிறகு கர்ப்பம் என்று தெரிந்து துணை சுகாதார நிலையத்துக்கு வருகிற பெண்ணும் இருப்பார். அவரும் பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

கிழவி சொன்னது பொய்யில்லை. இந்தப் பெண்ணுக்கு நடந்ததும் அதிசயமில்லை. தாய்ப்பால் கருவைத் தடுக்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம்தான். ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. ஊர்ப்பேச்சில் முதல் பாதி மட்டும் கைமாறி வந்து, நிபந்தனைகள் வழியிலேயே விழுந்துவிட்டன. இந்தக் கரையில் செவிலியராக வேலை பார்க்கிற எனக்கு வாரம் ஒருமுறையாவது இதை விளக்க வேண்டி வருகிறது. அதனால் ஒருமுறை நிதானமாக எழுதிவிடுகிறேன்.

மூன்று கேள்விகள்

1988ஆம் ஆண்டு இத்தாலியில் பெல்லாஜியோ என்ற ஊரில், பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி அதுவரை கிடைத்த ஆய்வுகளை அலசினார்கள். அவர்கள் வந்து சேர்ந்த முடிவு எளிமையானது. குழந்தைக்கு ஆறு மாதம் முடியவில்லை. தாய்க்கு மாதவிலக்கு திரும்பவில்லை. குழந்தைக்கு ஏறக்குறைய தாய்ப்பால் மட்டுமே. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கிற வரைக்கும் கரு தங்குவது மிக அரிது. இதைத்தான் பாலூட்டல் வழிக் கருத்தடை என்கிறார்கள். மருத்துவமனையில் சுருக்கமாக 'லாம்' என்று சொல்வார்கள்.

எவ்வளவு அரிது? மூன்றையும் சரியாகக் கடைப்பிடிக்கிற நூறு பெண்களில், அந்த ஆறு மாதத்துக்குள் கர்ப்பமாகிறவர் ஒருவருக்கும் குறைவு. வீட்டு நடைமுறையில் முன்னே பின்னே இருந்தாலும் சுமார் இரண்டு பேர். தினசரி மாத்திரை போடுகிறவர்களுக்கு, நடுவில் மறப்பதையும் சேர்த்து, நடைமுறையில் கிடைக்கிற பாதுகாப்புக்கு இது குறைந்ததல்ல. சுகப்பிரசவமா சிசேரியனா என்பதால் இதில் மாற்றம் இல்லை.

முக்கியமான சொல் 'மூன்றும்'. ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் தாங்காது. "எனக்கு இன்னும் தீட்டு வரவில்லையே" என்பதும், "ஆறு மாதம் ஆகவில்லையே" என்பதும் தனித்தனியாக எந்தப் பாதுகாப்பும் தராது.

பால் எப்படித் தடுக்கிறது?

பலர் நினைப்பது போல, பாலில் ஏதோ மருந்துச் சத்து இருந்து அது கருப்பையை மூடுவதில்லை. பால் நிறையச் சுரக்கிறதா குறைவாகச் சுரக்கிறதா என்பதும் இங்கே பெரிய விஷயமில்லை. பால்சுறாப் புட்டு சாப்பிட்டால் பால் ஊறலாம், ஆனால் அதனால் கரு தங்காமல் போகாது. வேலை செய்வது குழந்தை சப்புகிற செயல். அது அடிக்கடி நடக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ளக் கடலுக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் கரை திரும்பும் படகோட்டி கலங்கரை விளக்கத்தை அதன் வெளிச்சத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை. எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்ற கணக்கை வைத்துத்தான் இது பாம்பன் விளக்கா, வேறு விளக்கா என்று சொல்வார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும், மின்னும் தாளம் குழம்பிவிட்டால் அவருக்கு அது செய்தியே இல்லை.

நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அது சரியான இடைவெளியில், விட்டு விட்டு, ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. ஹார்மோன் என்றால் ரத்தத்தில் போகும் ரசாயனச் செய்தி. அந்தத் தாளத்தை வாசிப்பது பக்கத்திலேயே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. தாளம் சரியாக வந்தால் அது சினைப்பைக்கு உத்தரவு போடும். சினைப்பையில் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வரும். முட்டை வெளியே வந்தால்தான் கரு தங்க வழி உண்டு.

குழந்தை மார்பைச் சப்பும்போது காம்பிலுள்ள நரம்புகள் வழியாக மூளைக்குத் தகவல் போகிறது. அந்தத் தகவல் ஹைப்போதலாமஸின் தாளத்தைக் கலைத்துவிடுகிறது. செய்தி போகிறது, ஆனால் ஒழுங்கில்லாமல் போகிறது. பிட்யூட்டரியால் அதை வாசிக்க முடியவில்லை. முட்டை முதிர்வதில்லை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன்தான் கருவைத் தடுக்கிறது என்று சில இடங்களில் படித்திருப்பீர்கள். அதற்கும் பங்கு இருக்கலாம், ஆனால் காரியத்தின் மையம் கலைந்துபோன அந்தத் தாளம்தான்.

இப்போது மீதி எல்லாம் தானாகவே விளங்கும். சப்புவது நின்று பல மணி நேரம் போனால் மூளை தன் பழைய தாளத்தைப் பிடிக்கத் தொடங்கும். ஒருநாள் தவறினால் உடனே முட்டை வந்துவிடாது. ஆனால் தினமும் நீண்ட இடைவெளி விழுந்தால் வேலை நடந்துவிடும். குழந்தையின் வயிறு வேறு எதனாலாவது நிரம்பினால் அது சப்புவது குறையும், அதே முடிவு. அப்புறம், நாள் போகப் போக மூளையே இந்தக் குறுக்கீட்டுக்குப் பழகிவிடுகிறது. விடாமல் பால் கொடுத்தாலும் தாளம் மெல்ல மெல்லத் திரும்பும். ஆறு மாதம் என்ற எல்லைக்கு அதுவும் ஒரு காரணம். ஆறு மாதத்தில் குழந்தைக்குச் சோறும் கூழும் தொடங்குவது இன்னொரு காரணம்.

சுருக்கமாக இதுவரை: குழந்தை அடிக்கடி சப்புவதால் மூளையின் தாளம் கலைகிறது, அதனால் முட்டை வெளியே வருவதில்லை. சப்புவது குறைந்தாலோ காலம் கடந்தாலோ தாளம் திரும்பிவிடும்.

"தீட்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்"

நான் அதிகம் கேட்கிற சொல் இது. தவழும் பிள்ளையோடு கர்ப்பமாகி வருகிறவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொண்டதும் இந்த இடத்தில்தான்.

வரிசையைப் பாருங்கள். முதலில் முட்டை வெளியே வருகிறது. கரு தங்கவில்லை என்றால், அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வரும். ஆகவே பிரசவத்துக்குப் பிறகு வருகிற முதல் மாதவிலக்குக்கு முன்னாலேயே ஒரு முட்டை வந்து போயிருக்கலாம். அந்த முட்டையிலேயே கரு தங்கிவிட்டால் மாதவிலக்கே வராது. அந்தப் பெண் "பால் கொடுப்பதால்தான் இன்னும் வரவில்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பார். வயிற்றில் பிள்ளை அசையும்போதுதான் தெரியும்.

சரி, அப்படியானால் மூன்று கேள்விகளில் ஒன்றாக மாதவிலக்கை ஏன் வைத்தார்கள்? ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிற பெண்ணுக்கு, முதல் மாதவிலக்கு பெரும்பாலும் முட்டை வராமலேயே வருகிறது. இல்லையென்றால் வந்த முட்டை கரு தங்குகிற அளவுக்கு உடம்பு தேறியிருப்பதில்லை. அதனால் அந்தக் காலத்தில் மாதவிலக்கு ஒரு நல்ல எச்சரிக்கை மணியாக இருக்கிறது. ஆறு மாதம் தாண்டிய பிறகு இந்த வசதி போய்விடுகிறது. முட்டை முதலில் வருவது அதிகமாகிறது. ஆகவே எட்டாம் மாதத்தில் தீட்டு வராமல் இருப்பதற்கும், மூன்றாம் மாதத்தில் வராமல் இருப்பதற்கும் அர்த்தம் ஒன்றல்ல.

எந்த ரத்தப்போக்கை மாதவிலக்கு என்று எடுத்துக்கொள்வது என்பதிலும் குழப்பம் உண்டு. பிரசவமான நாளிலிருந்து 56 நாள், அதாவது எட்டு வாரம் வரைக்கும் படுகிற ரத்தம் பிரசவத்தின் மிச்சம். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாள் ரத்தம் பட்டால் அது மாதவிலக்கு. அன்றோடு இந்த முறை முடிந்தது. "ஒருமுறைதான் வந்தது, அப்புறம் வரவேயில்லை" என்றாலும் முடிந்ததுதான்.

தாய்ப்பால் கொடுக்கவே முடியாமல் போனவர்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு நாலு வாரத்திலேயே முட்டை வரலாம்.

"பால் மட்டும்" என்றால் எவ்வளவு கண்டிப்பு?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் மூன்று கேள்விகளில் எங்கள் பக்கத்தில் முதலில் உடைவது இதுதான். அதுவும் தாய்க்குத் தெரியாமலேயே உடையும்.

பிறந்ததும் நாக்கில் சேனை தொட்டுவைப்பது, குளிப்பாட்டியதும் உரைமருந்து ஊட்டுவது, கிரைப் வாட்டர் கொடுப்பது எல்லாம் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தையின் வயிற்றுக்கு இவை நல்லதில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆனால் கருத்தடைக் கணக்கில் ஒரு சொட்டுச் சேனை எதையும் மாற்றாது. குழந்தை சப்புவது அதனால் குறையாது. கணக்கை மாற்றுவது வயிற்றை நிரப்புகிற பொருள்கள்: பவுடர் பால், மாட்டுப்பால், தண்ணீர்.

தண்ணீர் என்றதும் ஆச்சரியப்படுவார்கள். சித்திரை வெயிலில் "பிள்ளைக்கு நாக்கு வறளுமே" என்று பாலாடையில் தண்ணீர் புகட்டுவது சாதாரணம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கும் மேல் தண்ணீர்தான். எவ்வளவு வெயில் அடித்தாலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம். இரண்டு பாலாடை தண்ணீர் குடித்த குழந்தை அடுத்த வேளை சரியாகச் சப்பாது. தினமும் நாலைந்து தடவை இப்படி நடந்தால் சப்புகிற எண்ணிக்கை விழுந்துவிடும்.

'ஏறக்குறைய' என்பதற்கு அளவு இருக்கிறது. ஒரு நாளில் குழந்தை சாப்பிடுகிற தடவைகளில் நாலில் மூன்று பங்குக்கும் மேல் தாய்ப்பாலாக இருக்க வேண்டும். கூடவே, பகலில் இரண்டு பாலூட்டலுக்கு நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேலும், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக்கூடாது. இரவு முழுக்கத் தூங்குகிற சமர்த்துப் பிள்ளை அம்மாவுக்குச் சுகம்தான், ஆனால் இந்த முறைக்கு அது பாதகம். இந்த முறையை நம்புகிறவர் நடுராத்திரி ஒருமுறையாவது எழுப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்கள் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகிறார்கள். குழந்தைக்கு அது மிக நல்லது, தயங்காமல் செய்யுங்கள். ஆனால் கருத்தடைக்கு அது குழந்தை சப்புவதற்கு முழு ஈடாகாது. சிலி நாட்டில் வேலைக்குப் போய்க்கொண்டே பால் பீய்ச்சிக் கொடுத்த பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குக் கர்ப்பமானார்கள். குழந்தையை வேலை இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நடுவில் வந்து பால் கொடுக்க முடிந்தால் பிரச்சினை இல்லை.

சுருக்கமாக: ஒரு சொட்டு மருந்தால் முறை கெடாது. வயிறு நிரம்புவதாலும் நேரம் நீளுவதாலும் கெடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

தங்கச்சிமடத்துப் பெண் ஒருவர், பெயர் ஜெனிட்டா என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். இரண்டாவது குழந்தை ஜனவரி 10 அன்று பிறந்தது. மூத்ததற்கும் இதற்கும் ஒன்றரை வருடம்தான் வித்தியாசம். அடுத்தது வேண்டுமென்றால் மூன்று வருடமாவது போகட்டும் என்பது அவர் எண்ணம்.

பிப்ரவரி கடைசிக்குள் ரத்தப்போக்கு நின்றது. மார்ச் 2 அன்று கொஞ்சம் ரத்தம் பட்டது. பிரசவமாகி அது 51ஆம் நாள். 56ஆம் நாள் மார்ச் 7 அன்றுதான் வருகிறது, அதனால் இந்த ரத்தம் கணக்கில் வராது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. குழந்தை பகலும் இரவுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை பால் குடிக்கிறது. மூன்று கேள்விக்கும் பதில் சரியாக இருக்கிறது. ஏப்ரல் நடுவில் அவர் முழுப் பாதுகாப்பில் இருக்கிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டுக்காரர் 61 நாளும் வீட்டில். வருமானம் இல்லை, அதனால் ஜெனிட்டா மே 12 அன்று நண்டுக் கம்பெனியில் சதை உரிக்கப் போகிறார். நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால் நண்டு வந்துகொண்டுதான் இருக்கும். காலை எட்டுக்குப் போனால் மாலை நாலுக்குத் திரும்புவார். மாமியார் நடுவில் இரண்டு புட்டி பவுடர் பால் கொடுக்கிறார்.

மே 12 அன்று குழந்தைக்கு நாலு மாதம் முடிந்து இரண்டு நாள். ஆறு மாதம் ஆகவில்லை. மாதவிலக்கும் வரவில்லை. ஆனால் பகலில் எட்டு மணி நேர இடைவெளி விழுந்துவிட்டது. மூன்றாவது நிபந்தனை அன்றே போய்விட்டது. ஜூலை 10 வரை இருக்கும் என்று அவர் நினைத்திருந்த பாதுகாப்பு, இரண்டு மாதம் முன்னாலேயே முடிந்துவிட்டது. அதுவும் வீட்டுக்காரர் தொடர்ந்து வீட்டில் இருக்கும் நேரத்தில். தெருவில் தடைக்காலம் முடிந்து சில மாதத்தில் கர்ப்பப் பதிவு கூடுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வராது.

இதைத் தடுத்திருக்கக்கூடிய நாள் ஒன்று இருக்கிறது. குழந்தைக்கு ஆறு, பத்து, பதினான்கு வாரத்தில் தடுப்பூசி. ஜெனிட்டாவின் குழந்தைக்குப் பதினான்காம் வாரம் ஏப்ரல் 18 அன்று முடிகிறது. அன்று ஊசி போட வந்தவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "அடுத்த ரெண்டு மாசத்துல வேலைக்குப் போறீங்களா, பிள்ளைக்கு வேற ஏதாவது கொடுக்கப் போறீங்களா?"

"ஆமா சிஸ்டர், மே மாசம் கம்பெனிக்குப் போகலாம்னு இருக்கேன்" என்று அவர் சொன்னால், அன்றே அடுத்த முறையைத் தொடங்கிவிடலாம். பழைய பாதுகாப்பு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. புது முறை பழகி நிலைபெற அந்த மூன்று வாரம் போதும். ஒன்று முடியும் நாளுக்காகக் காத்திருந்து அடுத்ததைத் தொடங்கக்கூடாது. ஒன்றின் மேல் ஒன்று கொஞ்ச நாள் சேர்ந்து ஓட வேண்டும்.

அடுத்து எதைத் தேர்ந்தெடுப்பது?

அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பவற்றை மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு விளக்கவும் போவதில்லை. பால் கொடுக்கிற பெண்ணுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

ஜெனிட்டாவுக்கு நான் முதலில் சொல்வது சாயா மாத்திரை. இதில் ஹார்மோன் கிடையாது, பாலைக் குறைக்காது, பிரசவத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. தினமும் போட வேண்டியதில்லை. முதல் மூன்று மாதம் வாரத்தில் இரண்டு நாள், அப்புறம் வாரத்தில் ஒரே நாள். ஜெனிட்டா தடுப்பூசி நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறார் என்றால், மூன்று மாதம் வரை ஞாயிறும் புதனும், அதன் பிறகு ஞாயிறு மட்டும். கோயிலுக்குப் போகிற நாள் என்பதால் ஞாயிறு மறக்காது. புதனைத்தான் மறப்பார்கள், அதற்கு வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுப்பேன். மஞ்சள் காமாலை சமீபத்தில் வந்தவர்களும், சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக்கூடாது. இந்த மாத்திரையால் மாதவிலக்கு தள்ளிப்போகலாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம், அதனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பால் கொடுப்பவர்கள் பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற வீடுகளில் இது பலருக்குப் பிடித்திருக்கிறது. வருவதற்கு முன்பே போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் அவ்வப்போது சிறிதாகப் படலாம், அல்லது மாதவிலக்கே நின்றுபோகலாம். அதனால் கெட்ட ரத்தம் உள்ளே தேங்காது. மற்றது, ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதம் தாமதமாகும். அடுத்த வருடமே பிள்ளை வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராது.

மூன்று வருடம், ஐந்து வருடம் என்று நீண்ட இடைவெளி வேண்டுமானால் காப்பர்-டிதான் என் தேர்வு. ஒரு வகை ஐந்து வருடம், இன்னொரு வகை பத்து வருடம் வேலை செய்யும். எடுத்தவுடனே கரு தங்கும் திறன் திரும்பிவிடும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் மருத்துவமனையிலேயே வைத்துவிடலாம். அந்த வாய்ப்பை விட்டால் ஆறு வாரம் கழித்து வைக்க வேண்டும். "அது வயிற்றுக்குள்ள ஏறி நெஞ்சுக்குப் போயிரும்" என்ற பயத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. உண்மையில் நடப்பது அதற்கு நேர்மாறு. பிரசவமானவுடன் வைத்த காப்பர்-டி சிலருக்கு நழுவிக் கீழே வந்துவிடும். அதனால்தான் ஆறாவது வாரத்தில் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். அந்த வருகையைத் தவறவிட்டவர் தனக்குக் காப்பர்-டி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார், ஆனால் இருக்காது. மாதவிலக்கு திரும்பிய பிறகு முதல் சில மாதம் ரத்தமும் வலியும் கூடுதலாக இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாலா-என் மாத்திரையைப் பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம் வரை தொடவே கூடாது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பாலைக் குறைக்கும். முன்பு போட்டு மிச்சம் இருந்த அட்டையை எடுத்துப் பிரசவத்துக்குப் பிறகு தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நிரோத் ஆணுறையை எப்போதும் பயன்படுத்தலாம். நோய்த் தொற்றைத் தடுப்பதும் இந்தப் பட்டியலில் அது ஒன்றுதான்.

பிள்ளைகள் போதும் என்று முடிவு செய்தவர்களுக்குப் பெண்ணுக்கான அறுவைச் சிகிச்சை பிரசவமான ஏழு நாளுக்குள், அல்லது ஆறு வாரம் கழித்து. ஆணுக்கான தழும்பில்லாத கருத்தடை இதைவிடச் சிறியது, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். தடைக்காலத்தில் சும்மா இருக்கும் இரண்டு மாதம் அதற்கு மிகப் பொருத்தமான நேரம் என்று நான் சொன்னால் கடற்கரையில் ஆண்கள் எழுந்து போய்விடுவார்கள்! செய்துகொள்கிறவர் ஒன்றை மறக்கக்கூடாது. செய்த அன்றே பலன் கிடைக்காது. மூன்று மாதம் வரை வேறு முறையும் வேண்டும்.

"தீட்டு வந்ததும் வாம்மா" என்று திருப்பி அனுப்பினால்

காப்பர்-டி வைக்கவோ ஊசி போடவோ போகிற பெண்ணைச் சில இடங்களில் இப்படித் திருப்பி அனுப்புகிறார்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அந்தப் பழைய வழக்கம். பால் கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னால், அவர் வராத தீட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார். அந்த இடைவெளியில்தான் கரு தங்கும்.

காத்திருக்கத் தேவையே இல்லை. ஆறு மாதம் ஆகவில்லை, மாதவிலக்கு வரவில்லை, தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறேன் என்ற மூன்றும் இருந்தால், அந்தப் பெண் கர்ப்பமாக இல்லை என்று நியாயமாக எடுத்துக்கொள்ளலாம். ஆறு வாரம் கடந்திருந்தால் எந்த நாளிலும் காப்பர்-டி வைக்கலாம், ஊசி போடலாம். போகும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், பிறந்த தேதி அதில் இருக்கும். இந்த மூன்றையும் நீங்களாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூன்றில் ஒன்று ஏற்கெனவே உடைந்துபோய், அதன் பிறகு சேர்க்கையும் நடந்திருந்தால் வழி வேறு. சிறுநீரைச் சோதிக்கிற அட்டையை வாங்கிப் பாருங்கள். ஒரு கோடு மட்டும் வந்தாலும் உடனே நிம்மதியாகிவிட வேண்டாம், ஏனென்றால் மிகச் சமீபத்தில் தங்கிய கருவை அட்டை காட்டாது. அன்றிலிருந்து மூன்று வாரம் நிரோத் பயன்படுத்திவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஒரு கோடுதான் என்றால் கர்ப்பம் இல்லை, அன்றே முறையைத் தொடங்கலாம். சேர்க்கை நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் அவசரக் கருத்தடை மாத்திரை இருக்கிறது, பால் கொடுப்பவர்களும் போடலாம். பால் திடீரென்று குறைவது, பிள்ளை மார்பைத் தள்ளிவிட்டு அழுவது, காலையில் குமட்டல் இவற்றில் ஏதாவது தெரிந்தால் மாதவிலக்கை எதிர்பார்க்காமல் அன்றே அட்டையை வாங்கிவிடுங்கள்.